அறிவியலாளர் வாழ்க்கைக் குறிப்பை மொழிபெயர்க்கும்போது

ஆங்கிலக் குறிப்புகளில் 'would become' அடிக்கடி வரும். அதை 'ஆவார்' என்று எழுதினால் சிக்கல். நியூட்டன் '1703இல் ராயல் சொசைட்டியின் தலைவர் ஆவார்' என்றால், இனிமேல் ஆகப்போகிறவர் போலவும் இருக்கும், இன்றும் தலைவர் போலவும் இருக்கும். 'தலைவரானார்' என்று இறந்தகாலத்தில் முடியுங்கள். 'In 1687 he publishes' என்று நிகழ்காலத்தில் இருந்தாலும் 'வெளியிட்டார்' என்பதே தமிழுக்குப் பொருந்தும். 'was a physicist' என்பதற்கு 'இயற்பியலாளராக இருந்தார்' வேண்டாம். பிறகு அந்தத் துறையை விட்டுவிட்டார் என்ற பொருள் தொனிக்கும். 'நியூட்டன் ஆங்கிலேய இயற்பியலாளர்' என்றாலே போதும், வினைச்சொல்லே தேவையில்லை.

பட்டத்துக்கும் காலம் உண்டு. அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது 1705இல். 1687 நிகழ்வில் 'சர் ஐசக்' என்று எழுதினால் பிழை. முதல் வரியில் ஒருமுறை 'சர்' போட்டுவிட்டு, பிறகு 'நியூட்டன்' என்றே தொடருங்கள். மரியாதையை வினைமுற்றின் 'ஆர்' விகுதி பார்த்துக்கொள்ளும்.

பிறந்த நாளில் கவனம் தேவை. நியூட்டன் பிறந்தது பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25. கிரெகோரியன்படி 1643 ஜனவரி 4. மூலத்தில் எது இருக்கிறதோ அதை எழுதி, நாட்காட்டியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஆர்க்கிமிடீஸ் போன்றவர்களுக்கு 'c. 287 BC' என்றிருந்தால் 'கி.மு. 287 வாக்கில்', தமிழில் கி.மு. எண்ணுக்கு முன்னால்தான் வரும்.