கோயில் புத்தகத்துக்கு ஆங்கிலப் பொருள் எழுதுவது எப்படி: ‘மாசில் வீணையும்’ பாட்டை வைத்து ஒரு செய்முறை

எங்கள் ஊர்க் கோயிலில் குருபூசைக்கு ஒரு சின்னத் தேவாரப் புத்தகம் போட்டோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், படிக்க வராது. அதனால் ஒவ்வொரு பாட்டின் கீழும் ஆங்கிலத்தில் பொருள் வேண்டும் என்றார்கள். அப்பரின் ஐந்தாம் திருமுறைப் பாட்டு ஒன்றை எடுத்து, நான் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

முதலில் சீர் பிரியுங்கள்

ஆங்கிலம் பக்கமே போகாமல் தமிழிலேயே பிரித்து எழுதுங்கள். மாசு இல் வீணை, வீங்கு இள வேனில், மூசு வண்டு அறை பொய்கை, இணை அடி நீழல். ‘அறை’ என்றதும் வீட்டு அறை நினைவுக்கு வரும். இங்கே அது ஒலிப்பது: வண்டுகள் மொய்த்து முரலும் குளம். ‘வீங்கு’ என்றால் மிகுந்து வருகிற, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் தருமபுரம் ஆதீனத்தின் thevaaram.org தளத்தில் பொழிப்புரை இருக்கிறது. தனிச்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் போதும். கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகளை இந்த வேலைக்கு நான் தொடுவதே இல்லை.

வாக்கியத்தை எங்கே தொடங்குவது

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இந்த இடம்தான். தமிழில் எழுவாய் கடைசி அடியில் வருகிறது: நிழல்தான் இத்தனை இனிமைக்கும் ஒப்பு. ஆங்கில இலக்கணத்துக்கு அதை முன்னால் இழுத்து, ‘ஈசன் திருவடி நிழல் இவற்றைப் போன்றது’ என்று தொடங்கினால் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஓதுவார் வீணையைப் பாடும்போது பிள்ளையின் கண் திருவடியில் இருக்கும். பாட்டு போகிற வரிசையும் புத்தகம் போகிற வரிசையும் வேறாகிவிடும்.

வரிசையை அப்படியே விட்டால் வேறு தொல்லை. ஐந்து பொருள்களும் வரிசையாக நிற்கும், வினைச்சொல் இல்லாமல் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். நான் செய்தது இது. வீணை, மாலை நிலவு, தென்றல், இளவேனில், குளம் ஐந்தையும் கமா போட்டு மூன்று வரிகளில் அடுக்கினேன். பிறகு ஒரு கோடு. நான்காம் வரியை ‘சச் இஸ் த ஷேட்’ என்று தொடங்கி, ஈசனிலும் திருவடியிலும் கொண்டுபோய் முடித்தேன். அடிக்கு அடி பொருந்தியது, வாக்கியமும் முழுசாக நின்றது.

எழுதியதும் சரியா என்று பார்க்க, ஒருவரைப் பாடச் சொல்லி ஆங்கில வரியில் விரல் வைத்துக்கொண்டே வாருங்கள். விரல் பின்னால் தாவ வேண்டியிருந்தால் வரிசை தப்பியிருக்கிறது.

பக்தி எவ்வளவு, எளிமை எவ்வளவு

பெரியவர்கள் ‘தௌ’, ‘தை’ என்று பழைய ஆங்கிலம் கேட்பார்கள். வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியாது, அப்பர் தமிழும் அப்படி இறுக்கமானதல்ல. ‘லார்ட்’, ‘ஃபாதர்’ இரண்டுக்கும் பெரிய எழுத்து போட்டால் மரியாதை வந்துவிடும். ‘ஃபாதர்’ சர்ச் வாசனை அடிக்கிறது என்றார் ஒருவர். ‘எந்தை’ என்று அப்பரே சொல்லியிருக்கும்போது நாம் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் ‘லோட்டஸ் ஃபீட்’ போடாதீர்கள். பாட்டில் தாமரை இல்லை, இணையடி மட்டும்தான். பழக்கத்தில் கை தானாக எழுதிவிடும், கவனம். நீழலுக்கு ‘ஷேட்’ போடுங்கள். ‘ஷேடோ’வில் குளிர்ச்சி இல்லை.

ஐந்து பொருள்களையும் ஐம்புலன்களோடு பொருத்திச் சொல்லும் விளக்கம் உண்டு. அழகானதுதான், ஆனால் அது உரை. பொருள் வரிக்குள் நுழைக்காதீர்கள்.

பின்னணிக்கு இரண்டு வரி

குளிர்ச்சியாக ஏன் இத்தனை உவமை என்பது கதை தெரிந்தால்தான் விளங்கும். பல்லவ மன்னன் அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில், அதாவது நீற்றறையில், ஏழு நாள் அடைத்து வைத்தான் என்றும், அங்கே பாடியது இது என்றும் பெரியபுராணம் வழி வரும் மரபு. இதைப் பொருளோடு கலக்காமல், தனியாகச் சாய்வெழுத்தில், ‘மரபுப்படி’ என்று தொடங்கி எழுதுங்கள்.

பின்சேர்க்கை: கதையில் சமணர் பங்கையும் சொல்ல வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பெரியபுராணத்தில் அது இருக்கிறது, இந்தப் பாட்டில் இல்லை. இரண்டு வரிக் குறிப்புக்கு மன்னனும் நீற்றறையும் போதும் என்று விட்டேன். இன்னொருவர், தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவு எழுத்தில் இருந்ததால் பாடும்போது வரி மாறிப்போகிறது என்றார். சரியான புகார். அடுத்த பதிப்பில் ஆங்கிலத்தை இரண்டு புள்ளி சிறிதாக்கி, சற்று உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம்.