கடைசி நிலுவை −4,411: தவணை அட்டவணையில் இடம் மாறிய புள்ளி

கடன் 5,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12%, 60 மாதம், தவணை 11,122.22. அறுபதாம் மாத முடிவில் நிலுவை பூஜ்யமாக வேண்டும். எனக்கு −4,411 வந்தது. பைசாவை முழுமையாக்குவதால் இவ்வளவு வராது, மிஞ்சினால் ஒரு ரூபாய்.

முதலில் வட்டி விகிதத்தையும் தவணையையும் சரிபார்த்தேன். இரண்டும் சரி. அடுத்து பழைய கணக்குப்பிள்ளை வித்தை: புள்ளி ஓரிடம் நகர்ந்தால் வித்தியாசம் 9 ஆல் வகுபடும். 4,411 வகுபடவில்லை. அதனால் புள்ளிப் பிழை இல்லை என்று முடிவுகட்டி, இரண்டு நாளை வங்கி ரசீதுகளில் தொலைத்தேன்.

நான் கோட்டைவிட்டது இதுதான்: நடுவில் விழுந்த பிழை, பிறகு வரும் ஒவ்வொரு மாதமும் 1% வளர்கிறது. அந்த வித்தையைக் கடைசி வரியில் போட்டுப் பயனில்லை, பிழை விழுந்த வரியில்தான் போட வேண்டும். B-யில் தொடக்க நிலுவை, C-யில் வட்டி. காலி நெடுவரிசையில் இதை எழுதிக் கீழே இழுத்தேன்:

```
=ROUND(B2*1%,2)-C2
```

எல்லா வரியிலும் 0. 24ஆம் மாதத்தில் மட்டும் 3,083.03. அதை 9 ஆல் வகுத்தால் 342.56. அந்தக் கட்டத்தில் இருந்ததும் அதே 342.56! வர வேண்டியது 3,425.59. யாரோ சூத்திரத்தை அழித்துவிட்டுக் கையால் அடித்திருக்கிறார்கள். மேல் வரியில் 3,501.79, கீழ் வரியில் 3,317.79 என்று இருந்ததால் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

மேல் கட்டத்தின் சூத்திரத்தை அதில் நகலெடுத்ததும் கடைசி நிலுவை சில பைசாவுக்கு இறங்கியது. அதைக் கடைசித் தவணையில் சேர்த்துக் கணக்கை முடித்தேன்.