ஆட்குறைப்புப் பணம்: கணக்கு தவறுகிற இடங்கள்

எச்.ஆர். தனியாகக் கூப்பிட்டு, "இன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் நல்லபடியாக வரும்" என்பார். பலர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. மிரட்டி வாங்கினார்கள் என்று அப்புறம் வழக்காடலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இந்தியாவில் இதற்கான விதி 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25F பிரிவில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அடிப்படை மாறவில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்குக் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளம். அதோடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. நோட்டீஸ் பணம் மட்டும் வந்திருந்தால் கணக்கு பாதிதான் முடிந்திருக்கிறது.

ஒருவர் 6 ஆண்டு 8 மாதம் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000, மீதி 18,000 வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை. நிறுவனம் 12,000-ஐயும் 6 ஆண்டுகளையும் வைத்துப் போட்டால் 36,000 வரும். இதில் இரண்டு தவறுகள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும், ஆக 7 ஆண்டுகள். புதிய தொகுப்பின்படி, சம்பளத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். இங்கே 3,000 தாண்டுகிறது, ஆக சம்பளம் 15,000. மாதச் சம்பளக்காரருக்கு முந்தைய மூன்று முழு மாதங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். இவருக்கு மூன்றும் ஒன்றே. 15 நாளுக்கு 7,500, ஏழு ஆண்டுக்கு 52,500. நோட்டீஸ் தராமல் அனுப்பினால் 15,000 தனி.

தொழிலாளர் பக்கமும் ஒரு தவறு உண்டு. கிராஜுவிட்டிக்குச் செய்வது போல, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளம் கண்டு, இங்கேயும் அதன்படி கேட்பார்கள். 2007-இல் உச்ச நீதிமன்றம், ஆட்குறைப்பில் 15 நாள் என்றால் பாதி மாதம்தான், 26 இங்கே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் கிராஜுவிட்டி இதற்குள் அடங்கியது இல்லை. இவருக்கு அது சுமார் 60,577, தனியாக வர வேண்டும். "எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்" என்று ஒரே வரியில் எழுதி நீட்டும் காகிதத்தில், எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த உதாரணத்தில் இழப்பீடு, நோட்டீஸ் பணம், கிராஜுவிட்டி மூன்றும் சேர்ந்தால் 1,28,077.

"நீங்கள் மேனேஜர், சட்டம் பொருந்தாது" என்றாலும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். பதவிப் பெயர் முக்கியம் இல்லை, உண்மையில் செய்த வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.