ஒரே காசோலை, ஐந்து வகைப் பணம்: இழப்பீட்டுக்கு வரி பார்க்கும்போது நேரும் தவறுகள்

விபத்து இழப்பீட்டைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. இழப்பீட்டுக்கு வரியே கிடையாது என்பது ஒன்று. கைக்கு வந்த பணம் எல்லாமே வருமானம்தான் என்பது மற்றொன்று. இரண்டுமே ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. மொத்தத் தொகையை ஒரே பொருளாகப் பார்ப்பதுதான் அந்தப் பிழை.

வாடகைக்குச் சரக்கு வேன் ஓட்டும் தொழில் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேனை ஓட்டச் சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருக்கிறார். ஒரு நாள் இவர் வேனில் உடன் செல்லும்போது இன்னொரு வண்டி மோதிவிடுகிறது. இவருடைய முழங்கால் நிரந்தரமாகப் பாதிக்கப்படுகிறது. வேன் பழுது பார்க்க முடியாத அளவுக்கு நொறுங்குகிறது. மாற்று வேன் வாங்கும் வரை தொழில் நிற்கிறது. எதிர்த்தரப்பின் காப்பீட்டு நிறுவனம் கடைசியில் 10,00,000க்கு ஒரே காசோலை தருகிறது. நாணயம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

காசோலையில் ஒரே எண் இருந்தாலும் அதன் பின்னால் ஐந்து தலைப்புகள் இருக்கின்றன. காலின் பாதிப்புக்கும் வலிக்கும் 4,00,000. மருத்துவச் செலவுக்கு 1,00,000. வேனுக்கு 2,50,000. வேன் இல்லாத நாட்களில் போன லாபத்துக்கு 1,50,000. பணம் தாமதமானதற்கு வட்டி 1,00,000. இந்த ஐந்தையும் ஒரே விதி ஆளுவதில்லை.

முதல் தலைப்பில் பெரிய சிக்கல் இல்லை. கால் ஒருவருடைய வணிகச் சரக்கு அல்ல. அதன் பாதிப்புக்குத் தரப்படும் ஒற்றைத் தொகையைப் பெரும்பாலான நாடுகளின் வரிச் சட்டங்கள் வருமானமாகக் கருதுவதில்லை. மருத்துவச் செலவும் அப்படித்தான். ஆனால் அந்தச் செலவை முந்தைய ஆண்டுக் கணக்கில் கழித்து வரியைக் குறைத்திருந்தால், திரும்ப வந்த பணம் அந்த அளவுக்கு வரிக்குள் வரக்கூடும். ஒரே செலவுக்கு இரண்டு முறை சலுகை பெற முடியாது.

அதிகம் பேர் தடுமாறுவது நான்காவது தலைப்பில். போன லாபத்துக்கான 1,50,000 வரிக்கு உட்பட்டது. விபத்தே நடந்திராவிட்டால் அந்தப் பணம் வாடகை வருமானமாக வந்திருக்கும், அதற்கு வரியும் கட்டியிருப்பார். வேறொரு வழியாக வந்ததால் அதன் குணம் மாறிவிடாது. 1930இல் ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தின் வழக்கு வந்தது. கப்பலைப் பழுது பார்ப்பதில் தாமதம் ஏற்பட்டதால் போன லாபத்துக்கு 1,500 பவுண்டு இழப்பீடு கிடைத்திருந்தது. பணம் எந்தப் பள்ளத்தை நிரப்ப வந்தது, லாபத்தில் விழுந்த பள்ளத்தையா, முதலீட்டுச் சொத்தில் விழுந்த பள்ளத்தையா என்று அந்த நீதிமன்றத்தின் நீதிபதி கிளைட் பிரபு கேட்டார். லாபத்தின் பள்ளம்தான் என்று முடிவாகி, அது வணிக வரவு ஆனது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1952இல் ரகுவன்ஷி ஆலை வழக்கில் இதே திசையில்தான் போனது. தீ விபத்தில் ஆலை எரிந்துபோனது. லாப இழப்புக்கென்று தனியாக எடுத்திருந்த காப்பீட்டின் மூலம் வந்த 14 லட்சம் ரூபாயை வருமானம் என்றே நீதிமன்றம் சொன்னது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் வந்த பணத்தின் கதை வேறு.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. லாபத்தை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்ட எல்லாத் தொகையும் வருமானம் என்று நினைப்பதுதான் அது. இது வரி அதிகாரிகளிடமும் உண்டு. 1922இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த கிளென்பாய்க் வழக்கு இதற்கு நல்ல மருந்து. ரயில் பாதைக்கு அடியில் இருந்த களிமண்ணைத் தோண்டக் கூடாது என்று ஒரு நிறுவனம் தடுக்கப்பட்டது. இழப்பீடு, அந்தக் களிமண்ணிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை வைத்தே கணிக்கப்பட்டது. ஆனாலும் அது வருமானம் அல்ல, மூலதன வரவுதான் என்று தீர்ப்பானது. களிமண் என்ற சொத்தே நிரந்தரமாகப் பயன்படாமல் போனதற்கான விலை அது. லாபம் அந்த விலையை அளக்க உதவிய கோல் மட்டுமே. கப்பல் வழக்கில் சொத்து அப்படியே இருந்தது, சில காலம் சும்மா நின்றது. களிமண் வழக்கில் சொத்தே போய்விட்டது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

காலின் பாதிப்பிலும் இதே நிலைதான். இனி முன்போல உழைக்க முடியாது என்பதற்கான தொகையை மாதச் சம்பளத்தையும் வயதையும் வைத்தே கணக்கிடுவார்கள். அதற்காக அது சம்பளம் ஆகிவிடாது. உழைக்கும் திறன் போனதற்கான ஈடு அது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 104ஆம் பிரிவு இன்னும் தாராளமானது. உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்குள் போன சம்பளத்துக்கான பங்கு இருந்தாலும் மொத்தத்தையும் வரியிலிருந்து விலக்கிவிடுகிறது. தண்டனையாக விதிக்கப்படும் கூடுதல் தொகைக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.

வரி இல்லை என்பதால் முழுத் தொகையும் லாபம் என்றும் எண்ண வேண்டாம். 1955இல் கூர்லி வழக்கில் பிரபுக்கள் சபை, காயம்பட்டவர் இழந்த வருமானத்தை வரி கழித்த பின்பே கணக்கிட வேண்டும் என்றது. வரி கழிக்காமல் பார்த்தால் 37,720 பவுண்டு. கழித்தபின் 6,695 பவுண்டு. இந்திய மோட்டார் விபத்து வழக்குகளிலும் சம்பளத்திலிருந்து வருமான வரியைக் கழித்த பிறகே, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குகிறார்கள். நம் வேன்காரர் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம். வேன் நின்றதற்கான 1,50,000க்கு அவர் வரி கட்டியே ஆக வேண்டும். ஆகவே அந்தத் தலைப்பை மட்டும் வரி கழிக்காத தொகையாகக் கோர வேண்டும். பேச்சுவார்த்தையில் எல்லாத் தலைப்புகளையும் வரி கழித்தே கணக்கிட ஒப்புக்கொண்டால், ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி இழப்பார்.

அந்த 1,50,000ஐ மறைக்க நினைப்பவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தாலேயே பிடிபடுகிறார்கள். வேன் இல்லாத வாரங்களிலும் ஓட்டுநர் சம்பளமும் வாகனக் கடனின் வட்டியும் செலவாக எழுதப்பட்டிருக்கும். வரவுப் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

வேனுக்கு வந்த 2,50,000ஐப் பற்றிய தவறு அமைதியானது. வேன் போனது, வேனின் விலை வந்தது, கணக்கு சரி என்று விட்டுவிடுகிறார்கள். வேனின் வாங்கிய விலை 5,00,000 என்றும், ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து வரிக் கணக்கில் அதன் மதிப்பு 1,80,000 ஆகிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். வந்த தொகை அதைவிட 70,000 அதிகம். முன்பே அதிகமாகக் கழித்துக்கொண்ட தேய்மானம் இப்போது திரும்பி வருகிறது என்று இதற்குப் பொருள். சில சட்டங்கள் இந்த 70,000க்கு உடனே வரி போடும். சில, வந்த தொகையை, ஒரே வகைச் சொத்துகளைச் சேர்த்து வைத்த தொகுப்பின் மதிப்பிலிருந்து கழித்து, வரும் ஆண்டுகளின் தேய்மானத்தைக் குறைக்கும். குறித்த காலத்துக்குள் மாற்று வேன் வாங்கினால் தள்ளிவைக்க அனுமதிக்கும் சட்டங்களும் உண்டு. வேன் நொறுங்காமல் பழுது மட்டும் பார்க்கப்பட்டிருந்தால் வேலை எளிது. பழுதுச் செலவும் அதற்கு வந்த பணமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். வந்த பணத்தை விட்டுவிட்டுச் செலவை மட்டும் எழுதக் கூடாது, அவ்வளவே.

வட்டியைப் பற்றிச் சுருக்கமாக. அது இழப்பீட்டோடு ஒட்டி வருவதால் இழப்பீடு ஆகிவிடாது. பிரிட்டன் உடல் காய இழப்பீட்டின் மீதான வட்டிக்கு வரி விலக்கு தருகிறது. அமெரிக்கா அதே வட்டிக்கு வரி விதிக்கிறது. ஆகவே அந்த 1,00,000ஐத் தனித் தலைப்பாக எழுதிவைத்து, உங்கள் நாட்டுச் சட்டத்தை அதற்கென்றே பார்க்க வேண்டும்.

இந்தக் காசோலைக்கு வெளியே ஒன்று மிச்சம். வேன்காரர் தனக்கென்று எடுத்திருந்த பாலிசி, வேலைக்குப் போக முடியாத மூன்று மாதங்களுக்கு மாதம் 20,000 வீதம் தந்தது என்று வைத்துக்கொள்வோம். விபத்தால் வந்த பணம் என்பதால் இதையும் விலக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பிரீமியத்தை யார், எந்தப் பணத்திலிருந்து கட்டினார்கள் என்பதுதான். ஆஸ்திரேலியாவில் வருமானப் பாதுகாப்பு பாலிசியின் பிரீமியத்தை வருமானத்திலிருந்து கழிக்கலாம், அதனால் வரும் தொகைக்கு வரி உண்டு. அமெரிக்காவில் முதலாளி பிரீமியம் கட்டியிருந்தால் வரி உண்டு, ஊழியர் வரி கட்டிய பின் தன் கைப்பணத்திலிருந்து கட்டியிருந்தால் இல்லை. பிரிட்டனில் ஒருவர் தனக்காகத் தானே எடுத்த பாலிசியின் மாதத் தொகைக்கு வரி இல்லை. விபத்து ஒன்றேதான், மாதத் தொகையும் ஒன்றேதான், பதில் மட்டும் பிரீமியத்தைப் பொறுத்து மாறுகிறது. முதலாளி தொடர்ந்து தரும் நோய்க்கால ஊதியத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அது சம்பளம்தான்.

இவ்வளவையும் பிரிப்பதற்கான நேரம் வரிப் படிவம் நிரப்பும் நாள் அல்ல, சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முன்பு. எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையாக என்று ஒரே வாக்கியத்தில் முடியும் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, பிறகு 4,00,000 காலுக்கானது என்று நிரூபிப்பது கடினம். ஆகவே தலைப்புவாரியான தொகைகளை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். அதற்காக இஷ்டம்போல் எழுதவும் முடியாது. லாப இழப்புக்கு 1,50,000 கேட்டு மனு போட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் அதைப் பூஜ்யமாக்கி அந்தத் தொகையைக் காலின் தலைப்பில் சேர்த்தால், வரித்துறை மனுவைத்தான் எடுத்துப் பார்க்கும். ஏற்கெனவே ஒரே தொகையாகக் கையெழுத்திட்டவருக்கும் அந்த மனுதான் துணை. மனுவின் நகல், மருத்துவ அறிக்கை, வேனின் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை, லாப இழப்பைக் கணக்கிட்ட தாள், வட்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றை வைத்து, கேட்ட தொகைகளின் விகிதத்தில் கிடைத்ததைப் பிரித்துக் காட்டலாம். 20,00,000 கேட்டு 10,00,000 கிடைத்திருந்தால், பாதியாகக் குறைந்தது எல்லாத் தலைப்புகளும்தான் என்ற வாதம் நிற்கும். வரி விழும் தலைப்புகள் மட்டுமே குறைந்தன என்ற வாதம் நிற்காது.