ஒருவர் மீது பலர் புகார் கொடுக்கும்போது: விசாரணைக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலும் கல்லூரிகளிலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களின் வெளி உறுப்பினராக நீண்ட காலமாக இருந்துவருகிறேன். அண்மையில் புதிதாக அமைக்கப்பட்ட சில குழுக்களின் கோப்புகளைப் படித்தபோது, தொடக்க காலத்தில் எங்கள் குழுக்கள் எந்தெந்த இடங்களில் தடுக்கி விழுந்தனவோ, அதே இடங்களில் இவையும் விழுந்திருப்பதைக் கண்டேன். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும் என்பன எல்லோருக்கும் தெரியும். ஒரே மனிதர் மீது மூன்று, நான்கு பேர் புகார் சொல்லும்போது ஒருவரின் வாக்குமூலம் மற்றவரின் வாக்குமூலத்தில் கலந்துவிடாமல் காப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கூட்டு மனுவையே புகாராக எடுத்துக்கொள்வது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் மனு என்றாலே ஒரு வடிவம் உண்டு. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே அமர்ந்து எழுதித் தருபவர்களின் நடைதான் பலருக்கு மனுவின் நடை. ஊரே சேர்ந்து குடிநீர் கேட்கும்போது எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்திடுவது சரியானது, ஏனெனில் எல்லோருடைய குறையும் ஒன்றே. பாலியல் துன்புறுத்தல் புகாரில் ஒவ்வொருவருக்கும் நடந்தது வேறு வேறு.

ஒரு நூற்பாலையில் நான்கு பெண் தொழிலாளர்கள் ஒரு சூப்பர்வைசர் மீது கூட்டு மனு கொடுத்தார்கள். அவர்கள்பால் உண்மையான அக்கறை கொண்ட, படித்த ஒருவர் அதை எழுதித் தந்திருந்தார். “மேற்படி நபர் பணி நேரத்தில் எங்களைத் தகாத முறையில் தீண்டியும் ஆபாசமாகப் பேசியும் மன உளைச்சலுக்கு உள்ளாக்கி வருகிறார்” என்ற வாக்கியத்தின் கீழே நான்கு கையெழுத்துகள். குழு அதை அப்படியே பதிவு செய்தது. பிறகு ஒவ்வொருவரையும் அழைத்து, மனுவை வாசித்துக் காட்டி, “இதில் உள்ளது சரிதானே?” என்று கேட்டது. நால்வரும் தலையசைத்தார்கள். நான்கு வாக்குமூலங்களும் முதல் வரி முதல் கடைசி வரி வரை ஒன்றாக இருந்தன.

எதிர்த்தரப்பு எழுத்து மூலம் கேட்ட கேள்விகள் வந்தபோது எல்லாம் சிதறிப்போயிற்று. எந்த நாளில், எந்த ஷிப்டில், எங்கே தொட்டார் என்று கேட்டதற்கு முதல் பெண் சொன்னார்: “என்னைத் தொடல மேடம். ரெண்டு மிசினுக்கு நடுவுல வழிய மறிச்சுக்கிட்டு நின்னு போன் நம்பர் கேட்டாரு. குடுக்காம விட மாட்டேன்னாரு.” இரண்டாமவரின் தோளை, அறுந்த இழையைச் சேர்க்கக் கற்றுத் தருகிறேன் என்ற சாக்கில் பின்னாலிருந்து பிடித்து அமுக்கியிருக்கிறார். மூன்றாமவருக்கு இரவு ஷிப்ட் முடிந்த பிறகு செல்பேசியில் செய்திகள் வந்திருக்கின்றன, அவரை ஒருபோதும் தொட்டதில்லை. நான்காமவருக்கு நேரடியாக எதுவும் நடக்கவில்லை. இரண்டாமவருக்கு நடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர், அதாவது சாட்சி.

நால்வரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் தாளில் இருந்ததும் வாயில் வந்ததும் வேறாக இருந்ததால், “மனுவில் தீண்டினார் என்கிறார்கள், இப்போது தீண்டவில்லை என்கிறார்கள், யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள்” என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்ல முடிந்தது. வழிமறித்து எண் கேட்டதும், வேண்டாத செய்திகளை அனுப்பியதும் தம்மளவிலேயே பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசாரிக்கத் தக்கவை. அவற்றைத் ‘தீண்டல்’ ஆக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பொதுச் சொல்லுக்குள் தனித்தனி நிகழ்வுகள் காணாமல் போயின. உண்மையான சாட்சி ஒருவர் பொய்யான புகார்தாரராகத் தோற்றமளித்தார்.

கூட்டு மனு வந்தால் செய்ய வேண்டியது இது. மனுவை வந்த தேதியோடு பெற்றுக்கொள்ளுங்கள், ஆனால் விசாரணையைத் தொடங்கிவைத்த தாளாக மட்டும் அதை வைத்திருங்கள். அதை யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, “உங்களுக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டு, அவர் நிறுத்தும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். எழுத இயலாதவருக்குப் புகாரை எழுத்தில் கொடுக்க உதவுவது குழுவின் கடமை என்று சட்டம் சொல்கிறது. அவர் சொல்வதை எழுதித் தருவதுதான் அந்த உதவி, அதைச் செம்மைப்படுத்துவது உதவியில் சேராது. “தோளப் புடிச்சு அமுக்கினாரு” என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். அவருடைய சொல், அவருடைய வரிசை, அவருக்கு நினைவில்லாத இடங்கள் எல்லாம் இருந்தால்தான் அது அவருடைய புகார். அதன் பிறகு, மனுவை எழுதியவர் யார், கையெழுத்திடும் முன் அதை வாசித்துக் காட்டினார்களா, அதில் தமக்குப் பொருந்தாதது ஏதேனும் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்துவிட்டால், மனுவுக்கும் வாக்குமூலத்துக்கும் இடையிலான வேறுபாட்டுக்கான விளக்கம் எதிர்த்தரப்பு கேட்கும் முன்பே கோப்பில் இருக்கும்.

ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடம் கேள்வியாகக் கொண்டுபோவது

புகார்தாரர்கள் கூடிப் பேசியதைவிட, குழுவே வாக்குமூலங்களைக் கலந்துவிடும் சந்தர்ப்பங்கள் அதிகம் என்பது என் கருத்து. காலையில் ஒருவர் “பண்டல் அறைக்குக் கூப்பிட்டார்” என்று சொல்லியிருப்பார். மதியம் அடுத்தவர் வந்து அமர்ந்ததும், “உங்களையும் பண்டல் அறைக்குக் கூப்பிட்டாரா?” என்று உறுப்பினர் ஒருவர் தம்மையறியாமலே கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பெண் அந்த அறையைப் பற்றி என்ன சொன்னாலும் அது அவரிடமிருந்து வந்ததா, கேள்வியிலிருந்து வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஒவ்வொரு புகார்தாரருக்கும் தனித்தனி உறுப்பினர்களை அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விசாரணை நடக்கும்போது தலைமை அலுவலர் உட்படக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், சிறிய குழுவுக்கு அது இயலாது. ஆகவே கேள்வியில்தான் கட்டுப்பாடு வேண்டும். தொடக்கக் கேள்வியை முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் அதே சொற்களில் கேளுங்கள். தொடர் கேள்விகள் எதிரில் இருப்பவர் சற்றுமுன் சொன்ன சொற்களிலிருந்து மட்டுமே பிறக்க வேண்டும். கேள்விகளையும் பதில்களோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பதில் மட்டும் உள்ள வாக்குமூலத்தில் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

“மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள்”

ஆறுதலுக்காகக்கூட இதைச் சொல்லக் கூடாது.

கூடிப் பேசியதைக் குற்றமாகப் பார்ப்பது

செக்கானூரணியில் ஏறி ஆலை வேனில் ஒன்றாக வந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே விடுதியில் தங்கும் பெண்கள் தங்களுக்கு நடந்ததைப் பேசாமல் இருக்க மாட்டார்கள். அப்படிப் பேசியதால்தான் பெரும்பாலும் புகாரே வருகிறது. ஆனால் பேச்சு நினைவை மாற்றும் என்பதும் உண்மை. ஃபியோனா காபர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிகழ்வை வெவ்வேறு கோணங்களில் படமாக்கிய காட்சிகளைப் பார்த்தவர்கள் இருவர் இருவராகப் பேசிக்கொண்டார்கள். அவர்களில் 71 விழுக்காட்டினர், தாம் பார்க்காமல் மற்றவரிடம் கேட்ட ஒரு விவரத்தையாவது தாம் பார்த்ததாகப் பின்னர்ச் சொன்னார்கள். அவர்களில் யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை.

ஆகவே ஒவ்வொருவரும் தம் கதையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகு, யாரிடம் முதலில் சொன்னீர்கள், எப்போது, அவர் பதிலுக்குத் தமக்கு நடந்ததாக என்ன சொன்னார் என்று, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேளுங்கள். அந்த ஆலை வழக்கில் மூன்றாமவர், மற்றவர்களோடு பேசுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தம் அக்காவுக்கு அந்தச் செய்திகளை அனுப்பியிருந்தார். “இந்தாளு ராத்திரியெல்லாம் மெசேஜ் போடுறாரு, என்ன செய்ய” என்ற வரி அக்காவின் செல்பேசியில் தேதியோடு இருந்தது. சேர்ந்து இட்டுக்கட்டியது என்ற வாதம் அவர் விஷயத்தில் அங்கேயே நின்றுபோயிற்று. வாட்ஸ்அப் குழு இருந்தால் எதையும் அழிக்க வேண்டாம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிமேல் ஒருவரோடொருவர் பேசவே கூடாது என்று மிரட்டுவது இன்னொரு தவறு. வாக்குமூலம் முடியும்வரை நிகழ்ச்சியின் விவரங்களை மட்டும் தங்களுக்குள் பேச வேண்டாம் என்று காரணம் சொல்லிக் கேட்டுக்கொண்டால் போதும். தாயிடமும் தோழியிடமும் அழுவதைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லை.

ஒரே வராந்தாவில் காத்திருக்க வைப்பது

இருக்கைகளையும் நேரங்களையும் பிரியுங்கள். முடித்தவர் வேறு வழியாகப் போகட்டும்.

முதல் வாக்குமூலங்களை இழுத்தடிப்பது

புகாரின் நகலை ஏழு வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். அந்த நாட்களுக்குள் எல்லோருடைய முதல் வாக்குமூலத்தையும், முடிந்தால் ஒரே நாளில், எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் போன பிறகு ஆலை முழுவதும் அதுவே பேச்சாகிவிடும். ஆனால் இந்த வேகம் முதல் வாக்குமூலத்துக்கு மட்டுமே உரியது. கோவா பல்கலைக்கழகத்தில் மாணவியர் பலர் ஓர் ஆசிரியர் மீது கொடுத்த புகார்களில், எதிர்த்தரப்புக்குப் போதிய வாய்ப்புத் தராமல் விசாரணை அவசரமாக முடிக்கப்பட்டது என்பதற்காகவே அதன் அடிப்படையில் எடுத்த நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்து, விசாரணையை மீண்டும் நடத்துமாறு அனுப்பியது. சட்டம் விசாரணைக்குத் தரும் 90 நாட்களில் எதிர்த்தரப்புக்கு உரிய பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒற்றுமையை முதலிலேயே எடைபோடுவது

நான்கு பேர் சொல்கிறார்கள், ஆகவே உண்மையாகத்தான் இருக்கும் என்று தொடங்கினால், பலவீனமான ஒரு புகார் உடைந்ததும் மற்ற மூன்றும் அதோடு சரிந்துவிடும். ஒவ்வொரு புகாரையும் அதற்குரிய ஆதாரத்தை மட்டும் வைத்து ஆராய்ந்து, முடிவை எழுதிய பிறகே அவற்றை அருகருகே வையுங்கள். அப்போதும், எல்லோருக்கும் பொதுவான ‘ஆபாசமாகப் பேசினார்’ என்ற ஒற்றுமைக்கு எடை குறைவு. வேறு ஷிப்டில் இருந்த, ஒருவரையொருவர் அறியாத இருவர், வேலை கற்றுத் தருவதாகச் சொல்லிப் பின்னால் வந்து நின்றார் என்று ஒரே விதமாகச் சொன்னால் அதற்கு எடை அதிகம். இந்த இடத்தில்தான், யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்று முன்பு எழுதிவைத்த பக்கம் கைகொடுக்கும்.

எல்லோருக்கும் ஒரே அறிக்கை

குழுவின் முடிவுகளின் நகல் இரு தரப்புக்கும் தரப்பட வேண்டும். நான்கு புகார்களையும் ஒரே அறிக்கையில் எழுதினால், ஒரு பெண்ணுக்கு நடந்தது மற்ற மூவரின் கையிலும் போய்ச் சேரும். மேல்முறையீட்டுக்குப் பின் மறுவிசாரணை வந்தால் நால்வரும் மற்றவரின் வாக்குமூலத்தைப் படித்தவர்களாகவே வந்து நிற்பார்கள். புகாருக்கு ஒன்றாகத் தனித்தனி அறிக்கை எழுதுங்கள். ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட வேண்டியிருந்தால் பெயரும் அடையாளமும் இல்லாமல் குறிப்பிடுங்கள். ஒருவரின் புகார் மெய்ப்பிக்கப்படாமல் போனால், ஆதாரம் காட்ட இயலாமை மட்டுமே பொய்ப் புகாருக்கான நடவடிக்கைக்குக் காரணமாகாது என்று சட்டம் சொல்வதை அவருடைய அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். நிர்வாகம் அதைத் தானாகப் படித்துத் தெரிந்துகொள்ளும் என்று விட்டுவிட வேண்டாம்.