சோப்புத் தண்ணீர் தடவியும் கேஸ் கசிவு கண்ணில் படாமல் போவது ஏன்?

ரெகுலேட்டரும் டியூபும் சேரும் இடத்தில் கேஸ் கசிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கச் சோப்புத் தண்ணீரைவிட எளிய வழி கிடையாது. ஆனால் பலர் ரெகுலேட்டரை ஆஃப் செய்துவிட்டுத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் சோதனையே அதில் வீணாகிவிடுகிறது. ஆஃப் செய்ததும் டியூபுக்குள் கேஸ் வருவது நின்றுவிடும். உள்ளே மிச்சம் இருந்ததும் அடுப்பில் எரிந்து தீர்ந்திருந்தால், டியூபில் ஓட்டையே இருந்தாலும் ஒரு குமிழி வராது. பார்த்தவர் "கசிவு இல்லை" என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவார்.

சரியான நிலை இதற்கு நேர்மாறானது. அடுப்பின் எல்லாத் திருகுகளும் மூடியிருக்க வேண்டும், ரெகுலேட்டர் ஆனில் இருக்க வேண்டும். அப்போதுதான் ரெகுலேட்டரிலிருந்து அடுப்பின் திருகு வரைக்கும் கேஸ் நிரம்பி, வெளியேற வழி தேடிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் எரியும் விளக்கோ, ஊதுபத்தியோ, வேறு எந்த நெருப்போ இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் அடிக்கிற அளவுக்கு நாற்றம் இருந்தால், அது சோதனை செய்யும் நேரம் இல்லை. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் லைட், ஃபேன் எதன் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை ஆஃப் செய்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும். சோப்புத் தண்ணீர் லேசான சந்தேகத்துக்கும், சிலிண்டர் மாற்றிய பிறகு வழக்கமாகப் பார்ப்பதற்கும்தான்.

நுரையைக் கசிவு என்று நினைப்பதும், கசிவை நுரை என்று விடுவதும்

சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு. ரெகுலேட்டர் அதைக் குறைத்து, சுமார் 30 மில்லிபார் அளவில்தான் டியூபுக்குள் விடுகிறது. அது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் அளவு அழுத்தம், அவ்வளவுதான். அதனால் டியூபில் உள்ள மயிரிழை வெடிப்பு புஸ்ஸென்று ஊதாது. ஒரு சின்னக் குமிழி மெல்ல மெல்லப் பெரிதாகும், அல்லது குண்டூசித் தலை அளவில் வரிசையாகக் குமிழிகள் சேரும். தடவியதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தால் இது தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.

பாத்திரம் கழுவுகிற மாதிரி ஸ்பாஞ்சால் நுரை பொங்கப் பொங்கப் பூசுவது அடுத்த தவறு. நுரைக்குள் ஏற்கெனவே ஆயிரம் குமிழி இருக்கிறது. புதிதாக ஒன்று பிறப்பதை அதில் எப்படிக் கண்டுபிடிப்பது? அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விடை விட்டு, அடிக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். மேலே நிற்கும் நுரை அடங்கட்டும். அப்புறம் மென்மையான பிரஷில் தொட்டு, மெல்லிய படலமாகத் தடவுங்கள். பிளீச்சோ அம்மோனியாவோ கலந்த துப்புரவுத் திரவம் வேண்டாம். அம்மோனியா பித்தளையை நாளடைவில் வெடிக்கச் செய்யும், வால்வும் பித்தளைதான்.

சந்தேகமான குமிழியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. துணியால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி தடவுங்கள். பிரஷ் கிளப்பிய குமிழி என்றால் இந்த முறை வேறு எங்காவது வரும், உட்கார்ந்த இடத்திலேயே உடையும். கசிவு என்றால் அதே புள்ளியில் மறுபடி முளைத்து வளரும். இரண்டு முறை அதே இடத்தில் வந்தால் மூன்றாவது முறை பார்க்க வேண்டியதில்லை.

தடவுகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மேல்பக்கம் மட்டும் தடவுகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. டியூபின் எடை கீழ்நோக்கி இழுப்பதால் வளைவு ஏற்படும் இடங்களில்தான் ரப்பர் முதலில் களைக்கும். ரெகுலேட்டர் மூக்கில் டியூப் ஏறியிருக்கும் விளிம்பைச் சுற்றிலும், அடிப்பக்கம் உட்படத் தடவுங்கள். அடியில் பார்க்க ஒரு சிறிய கைக்கண்ணாடி போதும். கிளிப் போட்டிருந்தால் அதன் இரு ஓரங்களிலும் பாருங்கள். அங்கிருந்து ஒரு சாண் தூரம் டியூபைக் கையால் லேசாக இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே கவனியுங்கள். நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும் வெடிப்பு, வளைக்கும்போது வாயைத் திறக்கும். அடுப்பு முனையையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். சூடு படுவது அந்த முனையில்தான், ஆனாலும் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் யாரும் அதைத் தொடுவதே இல்லை.

ரெகுலேட்டர் அடியில் குமிழி வந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

பலர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். சிலிண்டர் வால்வின் மேல் அமுக்கினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும் வகை ரெகுலேட்டர் என்று வைத்துக்கொள்வோம். புது சிலிண்டர் மாட்டியாகிவிட்டது. ரெகுலேட்டரின் பாவாடை போன்ற கீழ் விளிம்பும் வால்வும் சந்திக்கும் இடுக்கில் தடவினால் குமிழிகள் வேகமாக வருகின்றன. உடனே "ரெகுலேட்டர் போச்சு" என்று புதிது வாங்க ஓடுவார்கள். வாங்கி மாட்டினாலும் குமிழி நிற்காமல் போகலாம்.

முதலில் ரெகுலேட்டரை ஆஃப் செய்து, துடைத்து, மறுபடி தடவுங்கள். ஆனில் குமிழி வந்து, ஆஃபில் நின்றுவிட்டால், வால்வின் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையத்தின் மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும். வாஷர் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆன் செய்யும்போது ரெகுலேட்டர் வால்வின் நடுவில் இருக்கும் பின்னைக் கீழே அழுத்துகிறது. கேஸ் மேலே வருகிறது. அது பக்கவாட்டில் தப்பாமல் தடுப்பது இந்த வளையம். அது கிழிந்திருந்தாலோ, காய்ந்திருந்தாலோ, இல்லாமலே இருந்தாலோ கசியும். இந்த வளையம் சிலிண்டரின் பாகம், ரெகுலேட்டருடையது இல்லை. நேற்று வரை பழைய சிலிண்டரில் இதே ரெகுலேட்டர் கசியாமல் இருந்தது என்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது.

ஆஃப் செய்த பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால், வால்வின் நடுவில் இருக்கும் அந்தப் பின் சரியாக மூடவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றினாலும் இது நிற்காது. சிலிண்டரோடு நூலில் கட்டி வரும் பாதுகாப்பு மூடியை வால்வில் அழுத்தி மாட்டி, நெருப்பில்லாத திறந்த வெளிக்கு நிமிர்த்தியபடியே சிலிண்டரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் இந்த நேரத்தில்தான் அதைத் தேடுவார்கள். இரண்டு நிலையிலும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி. பின்னைக் குத்தி விடுவதோ, வளையத்தை நாமே கிண்டி எடுப்பதோ கூடாது. அங்கே இருப்பது சிலிண்டரின் முழு அழுத்தம்.

பல சிலிண்டர்களில் மாட்டியும் ஒரே ரெகுலேட்டர் கசிகிறது, அல்லது மாட்டும்போது 'டக்' சத்தம் வராமல் தளர்ந்து ஆடுகிறது என்றால் அப்போது ரெகுலேட்டரை மாற்றுங்கள். அதன் உடலின் இணைப்புக் கோட்டில் குமிழி வந்தாலும் அதே முடிவுதான். ரெகுலேட்டரின் மேல்பகுதியில் ஊசித் துளை அளவில் ஒரு காற்றுத் துளை இருக்கும். அதன்மேல் விரல்நுனியால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கலாம். அங்கே குமிழி தொடர்ந்து வளர்ந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது, அதைப் பழுது பார்க்க முடியாது. ஆனால் அந்தத் துளைக்குள் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அது அடைத்துக்கொண்டால் அழுத்தத்தைச் சீராக வைக்கும் வேலையே கெடும். பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.

குமிழி வராத டியூபையும் மாற்ற வேண்டியிருக்கும்

சோப்புத் தண்ணீர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த நிமிடம், தடவிய இந்த இடத்தில், கேஸ் வெளியே வருகிறதா? இந்த டியூப் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அதற்குத் தெரியாது. குமிழி வரவில்லை என்பதற்காகக் காலம் முடிந்த டியூபை ஓட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு.

டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைப் படியுங்கள். கம்பி வலை உள்ளே வைத்த ரப்பர் டியூபுகளுக்கு 5 ஆண்டுகள் என்று குறித்திருப்பது வழக்கம். உங்கள் டியூபில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. எழுத்தே அழிந்துபோயிருந்தால், அதுவே வயதாகிவிட்டது என்பதற்குப் போதுமான அடையாளம். தேதிக்கு முன்னாலேயே மாற்ற வேண்டிய நிலையும் வரும். ரெகுலேட்டரை ஆஃப் செய்துவிட்டு டியூபைக் கையில் எடுத்து, முனைகளுக்கு அருகில் விரலளவுக்கு இறுக்கி வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது முடிந்துவிட்டது. விறைத்துப்போன டியூபும், எண்ணெய் பட்டு ஊறிப் பிசுபிசுத்த டியூபும், எலி கடித்த தடம் உள்ளதும் அப்படித்தான். எலிப்பல் தடம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

மாற்றாமல் சமாளிக்கத்தான் இங்கே நிறைய உத்திகள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது, சோப்புக் கட்டியை இழைத்து அடைப்பது, கிளிப்பை முறுக்கிக்கொண்டே போவது. முறுக்கிய கிளிப் ரப்பருக்குள் கத்தியாக இறங்கி, கசிவை அரை அங்குலம் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். டியூபுக்கு ஒட்டு வேலை எதுவும் கிடையாது.

புதிய டியூபை மாட்டும்போது மூக்கில் எண்ணெய் தடவாதீர்கள். ஏறவில்லை என்றால் முனையை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, துடைத்துவிட்டு, மூக்கின் வரிகள் எல்லாம் மறையும் வரை தள்ளுங்கள். பாதியில் நின்ற டியூப் இன்று கசியாது, சிலிண்டரை நகர்த்தும் நாளில் கழன்று வரும். மாட்டிய உடனே, ரெகுலேட்டரை ஆன் செய்து இரு முனைகளிலும் மறுபடி தடவிப் பாருங்கள். கழற்றிய பழைய டியூபை நடுவில் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டாமல் இருக்கும்.