சொந்தக் குரலே காதில் முழங்கினால்: திறந்த குழாயை அடைப்பு என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

பேசினால் நம் குரல் நம் காதுக்குள்ளேயே முழங்குகிறது, குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல. மூச்சை இழுத்தால் காதில் ஒரு சத்தம், விட்டால் இன்னொரு சத்தம். இந்தத் தொல்லையோடு வருபவர்களில் பலர் டாக்டரிடம் முதலில் சொல்வது, "காது அடைச்ச மாதிரி இருக்கு." கேட்பவருக்கும் அடைப்பு என்றே பதிகிறது. உண்மையில் அங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். மூடியிருக்க வேண்டிய ஒரு குழாய் திறந்தே கிடக்கிறது.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் வரை ஓடும் யூஸ்டேசியன் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரணமாக அது மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் ஒரு கணம் திறந்து, நடுக்காதின் காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொள்ள இரண்டு விஷயங்கள் துணை. ஒன்று, குழாயின் உட்புறத்தில் இருக்கும் ஈரமான சவ்வு. மற்றொன்று, குழாயை ஒட்டிப் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறிய கொழுப்புத் திண்டு. இவற்றில் ஏதாவது வற்றினால் குழாய் சரியாக மூடாது. தொண்டையில் எழும் குரலும் மூச்சும் நேராக மேலே ஏறிச் செவிப்பறையை உள்ளிருந்து தட்டும்.

ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து. கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் நான்கு மாதத்தில் பதினான்கு கிலோ இறக்கியிருக்கிறார். காலையில் எழும்போது காதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது பீரியட் நின்றுகொண்டு பாடம் நடத்தும்போது வலது காதில் குரல் முழங்க ஆரம்பிக்கிறது. வெயில் ஏற ஏற அதிகமாகிறது. தன் குரலே தாங்க முடியாமல் மெதுவாகப் பேசுகிறார், கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் படுத்தால் சத்தம் நின்றுபோகிறது.

இந்தக் கதையில் நோயின் அடையாளம் முழுவதும் இருக்கிறது. வேகமாக எடை குறைந்தால் அந்தக் கொழுப்புத் திண்டும் கரையும். நிற்கும்போது தலையின் ரத்தக்குழாய்களில் ரத்தம் குறைந்து சவ்வு மெலிகிறது. படுத்தால் ரத்தம் தேங்கிச் சவ்வு சற்றே உப்பி, குழாயை மூடிவிடுகிறது. வியர்த்து உடலில் நீர் குறைந்தாலும் குழாய் திறந்துகொள்ளும். சளி பிடித்த நாட்களில் மற்றவர்களுக்குக் காது அடைக்கும், இவருக்கோ நிம்மதியாக இருக்கும். கர்ப்ப காலத்திலும் சிலருக்கு இது வரும், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே போய்விடும். கருத்தடை மாத்திரை, மூக்கின் பின்பகுதியில் கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சை, சில நரம்புத் தசை நோய்கள் ஆகியவையும் காரணமாகலாம்.

நம் ஆசிரியை செய்யும் முதல் தவறு, மருந்துக்கடைக்குப் போய் மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து வாங்குவது. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகைச் சொட்டுகள் சவ்வைச் சுருக்குவதற்காகவே இருப்பவை. அடைத்த மூக்குக்கு அது நல்லது. ஏற்கெனவே மெலிந்துபோய் மூடாமல் கிடக்கும் குழாய்க்கு அதே மருந்து கேடு. சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் போன்றவையும் அப்படித்தான். ஸ்டீராய்டு ஸ்பிரேயும் சிலருக்குத் தொல்லையைக் கூட்டும். ஆனால் ஒவ்வாமைக்காக அதை ஏற்கெனவே அடித்து வருபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து போட்டபின் சத்தம் கூடியதா என்று கவனித்துச் சொன்னால் அதுவே டாக்டருக்கு நல்ல தடயம். பலர் "மருந்து போதவில்லை போல" என்று நினைத்து இன்னும் இரண்டு சொட்டு விடுகிறார்கள்.

அடுத்தது மூக்கைப் பொத்திக்கொண்டு காதுக்குள் காற்றை ஊதுவது. விமானத்தில் காது அடைத்தால் செய்யும் அந்த வித்தை மூடிய குழாயைத் திறப்பதற்கானது. இங்கே திறந்த கதவைத் தள்ளி என்ன பயன்?

இதைவிடக் கவலை தரும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. மூக்கை வேகமாக உறிஞ்சினால் குழாய் உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும், முழக்கம் டக்கென்று நிற்கும். இதைத் தற்செயலாகக் கண்டுபிடிப்பவர்கள் நாள் முழுக்க உறிஞ்ச ஆரம்பிக்கிறார்கள். சளி இல்லாமலே "சுர்ர், சுர்ர்" என்று கேட்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எரிச்சல், அவருக்கோ நிம்மதி. ஆனால் ஒவ்வொரு உறிஞ்சலும் நடுக்காதின் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. அந்த இழுப்பு வருடக்கணக்கில் தொடர்ந்தால் செவிப்பறை உட்குழிந்து, ஒரு பையாக மாறி, அதில் தோல் செதில்கள் சேர்ந்து கொலஸ்டியட்டோமா என்னும் கட்டி உருவாகலாம். அது காதின் எலும்பையே அரிக்கும், அறுவைச் சிகிச்சையில்தான் போகும். உறிஞ்சினால் சரியாகிறது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நோயைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி. பழக்கமாக மட்டும் ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

சரி, ஆசிரியை டாக்டரிடம் போகிறார். காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட். அரை மணி நேரம் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே போனதும் படுக்க வைத்துக் காதைப் பார்க்கிறார்கள். படுத்தவுடன் குழாய் மூடிவிட்டது, செவிப்பறையும் சாதாரணமாக இருக்கிறது. கேட்புத் திறன் பரிசோதனையும் நார்மல். "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன் குறைச்சுக்கோங்க." இந்தப் பதிலோடு வீடு திரும்புபவர்கள் நிறைய. கேட்புத் திறன் பரிசோதனை நார்மலாக வருவது இந்த நோயில் சாதாரணம். காது நன்றாகத்தான் கேட்கிறது, தேவையில்லாததையும் சேர்த்துக் கேட்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஆகவே தொல்லை இருக்கும் நேரத்தில் போக வேண்டும். முடியாவிட்டால் பரிசோதனைக்கு முன் பத்து நிமிடம் படியேறி இறங்கியோ வேகமாக நடந்தோ தொல்லையை வரவழைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்த நிலையிலேயே காதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எதிர்ப்பக்க மூக்குத் துளையை மூடிக்கொண்டு, காது தொல்லை தரும் பக்கத் துளை வழியாக ஆழமாக மூச்சை இழுத்து விட்டால், செவிப்பறை மூச்சோடு சேர்ந்து உள்ளேயும் வெளியேயும் அசைவது மைக்ராஸ்கோப்பில் தெரியும். செவிப்பறையின் அசைவை அளந்து கோடாக வரையும் டிம்பனோமெட்ரி எடுக்கும்போது அழுத்தத்தை மாற்றாமல் மூச்சு மட்டும் விடச் சொன்னால், கோடு மூச்சுக்கேற்ப அலையடிக்கும். இந்த அசைவு தெரிந்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு சின்ன சோதனை உண்டு. முழங்கும் நேரத்தில் "ம்ம்ம்" என்று இழுத்துப் பாருங்கள், அப்புறம் "ஆ" என்று சொல்லிப் பாருங்கள். ம, ந, ங போன்ற மெல்லின எழுத்துகளில் ஒலி மூக்கின் வழியாகப் போவதால், திறந்த குழாயில் அவை கூடுதலாக முழங்கும். பிறகு உட்கார்ந்தபடியே தலையை முழங்கால்களுக்கு நடுவே தாழ்த்துங்கள். அப்போது சத்தம் அடங்கினால் திறந்த குழாய் என்ற சந்தேகம் வலுக்கும்.

குரல் முழங்குவதெல்லாம் இந்தக் குழாயால்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. உட்காதில் உடலின் சமநிலைக்கு உதவும் அரைவட்டக் குழல்களில் மேலே இருப்பதை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை விழுந்தாலும் குரல் முழங்கும். 1998-இல் விவரிக்கப்பட்ட நோய் இது. வித்தியாசம் கவனித்தால் தெரியும். அந்த நோயாளிகளுக்குக் கண்விழி அசையும் சத்தமும், நடக்கும்போது தங்கள் காலடிச் சத்தமும் காதில் கேட்கும். பலத்த சத்தத்துக்குத் தலை சுற்றும். மூச்சுச் சத்தம் பொதுவாக முழங்காது, படுத்தாலும் தீராது. இதை உறுதி செய்ய சிடி ஸ்கேன் வேண்டும். திடீரென்று காது கேட்காமல் போனாலோ, காதில் சீழ் வந்தாலோ, தலை சுற்றினாலோ எதையும் வீட்டில் சோதித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

உறுதியானபின் என்ன செய்வது? பெரும்பாலானவர்களுக்கு எளிய வழிகளே முதலில். தண்ணீர் நன்றாகக் குடிப்பது, காபி டீயைக் குறைப்பது, மூக்கைச் சுருக்கும் மருந்துகளை விடுவது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு மருந்தை விடும் முறையிலும் தவறு நடக்கிறது. நேராக நிமிர்ந்து விட்டால் அது மூக்கின் முன்பகுதியிலேயே வழிந்துவிடும். உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து, தொல்லை இருக்கும் காதின் பக்கமாக ஏறக்குறைய 45 டிகிரி திருப்பி, அதே பக்கத் துளையில் விட வேண்டும். அப்போதுதான் குழாயின் வாய்க்கு அது போகும். பலன் கொஞ்ச நேரம்தான், ஆனால் வகுப்புக்கு முன்போ கூட்டத்துக்கு முன்போ அந்தக் கொஞ்ச நேரம் கைகொடுக்கும்.

எடை குறைந்ததால் வந்தது என்றால் சில கிலோவைத் திரும்ப ஏற்றுவது நல்ல சிகிச்சை. சொல்வது எளிது. கஷ்டப்பட்டு இறக்கியவரிடம் இதைச் சொன்னால் முறைப்பார். முழுவதும் ஏற்ற வேண்டியதில்லை, பசியோடு கிடக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்தி எடையை நிலைநிறுத்திப் பார்க்கலாம். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தானாக எடை குறைந்திருந்தால் காதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தைராய்டு, சர்க்கரை, காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் போதாமல், வேலை செய்யவே முடியாதபடி தொல்லை தொடர்ந்தால்தான் அடுத்த கட்டம். செவிப்பறையின் மேல் சிறு பாரமோ ஒட்டோ வைத்து அதன் அதிர்வைக் குறைப்பது எளிய வழி. அதற்கு மேல் குழாயின் வாயில் குருத்தெலும்பு வைத்தோ, ஊசி மூலம் நிரப்பியோ அதை ஒடுக்குகிறார்கள். ஜப்பானில் கோபயாஷி என்ற மருத்துவர் உருவாக்கிய சிலிக்கோன் ஆணியை, செவிப்பறையில் சிறு துளையிட்டு அதன் வழியாகக் குழாய்க்குள் செருகுகிறார்கள். இதில் அவசரப்படக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி இந்தக் குழாயை ஒட்டியே ஓடுகிறது. முன்பு டெஃப்லான் பசையை ஊசியில் ஏற்றியபோது அது அந்தத் தமனிக்குள் போய்ப் பக்கவாதமும் மரணமும் நேர்ந்து, அந்த முறை கைவிடப்பட்டது. இன்றைய முறைகளிலும் அளவு தவறிக் குழாய் இறுகிவிட்டால் நடுக்காதில் நீர் கோக்கும், காது மந்தமாகும், அதை வடிக்கச் செவிப்பறையில் சிறு குழல் வைக்க நேரும். எனவே அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன், திறந்த குழாய்க்காக இதே முறையைச் செய்த அனுபவம் அந்த மருத்துவருக்கு எவ்வளவு, செய்தவர்களில் எத்தனை பேருக்கு நீர் கோத்தது என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.